டைல்ஸுக்கு அடியில் போன 6 செ.மீ: அப்பாவின் சக்கர நாற்காலிக்காகக் குளியலறையை மாற்றிய அனுபவம்

குளியலறையில் எந்தப் பொருள் எந்த உயரத்தில் நிற்கும் என்பது அதை வாங்கி வந்து மாட்டும் நாளில் முடிவாவதில்லை. சுவரைக் கொத்திப் பைப் பதிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதற்குமேல் பூச்சு வந்து, டைல்ஸ் வந்து, எல்லாம் பளபளவென்று முடிந்தபிறகு 5 செ.மீ ஏற்ற வேண்டுமென்றால்கூட உடைக்காமல் முடியாது. சாதாரணக் குளியலறையில் 5 செ.மீ யாருக்கும் தெரியாது. சக்கர நாற்காலியிலிருந்து கமோடுக்கு நகர்ந்து உட்கார வேண்டிய ஒருவருக்கு, அவர் தானாகப் போய் வருவாரா, இன்னொருவர் தூக்கிவிட வேண்டுமா என்பதே அதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் 6 செ.மீ தவறிப்போனது. அதைச் சரிசெய்ய முதல் வேலைக்கு ஆன செலவில் பாதிக்குமேல் மறுபடி ஆனது. அதைவிட, அத்தனை வாரங்கள் அப்பா என் கையை எதிர்பார்த்துக் காத்திருந்ததுதான் மனதை அறுத்தது. இதே வேலையைத் தொடங்கப்போகும் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பலம் இழந்துவிட்டன. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் சில நொடிகள் எழுந்து நிற்பார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பாத்ரூமுக்கு மட்டும் நானே போய்க்கிற மாதிரி பண்ணிக்கொடும்மா." வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும்தான். அம்மாவுக்கு மூட்டு வலி, அவரால் தாங்கிப் பிடிக்க முடியாது. அதனால் ஆள் பிடித்தது, பொருள் வாங்கியது, வேலைக்காரர்களோடு நின்றது எல்லாம் தனியாகத்தான்.

முதலில் அளந்தது அப்பாவைத்தான். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபிஸ்ட் தந்த யோசனை அது, இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன். நாற்காலியில் ஆள் இல்லாமல் அளந்தால் மெத்தையின் மேற்புறம் தரையிலிருந்து 51 செ.மீ. அப்பா உட்கார்ந்ததும் மெத்தை அமுங்கி 49 ஆனது. கணக்கில் கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது அளவைத்தான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் முழங்காலின் மேற்புறம் 65 செ.மீ. கைதாங்கி 73 செ.மீ. உட்கார்ந்தபடி இடது கையை முன்னால் நீட்டினால் விரல்கள் எட்டும் தூரம், பக்கவாட்டில் எட்டும் தூரம், இவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தோம். அதன்பிறகு எந்தக் கடைக்காரர் எதைக் காட்டினாலும் அந்தத் தாளைத்தான் பார்த்தேன்.

கமோடின் உட்காரும் உயரம் நாற்காலியின் உயரத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். நாற்காலியிலிருந்து தாழ்வான இடத்துக்கு இறங்கி உட்காருவது சுலபம், அதில் எல்லோரும் ஏமாந்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போதுதான் அந்த வித்தியாசம் முழுவதையும் ஒரு கை பலத்தில் மேலே ஏற வேண்டும். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் தரநிலை, உட்காரும் பலகையின் மேற்புறம் தரையிலிருந்து 43 முதல் 48.5 செ.மீ வரை இருக்கலாம் என்கிறது. பிரிட்டனின் வழிகாட்டி 48 என்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கமோடுகள் பெரும்பாலும் 40 செ.மீ அளவில்தான் நிற்கும். இதில் இன்னொரு பொறியும் உண்டு. கம்பெனி புத்தகத்தில் போட்டிருப்பது பல சமயம் பீங்கான் விளிம்பின் உயரம். அதற்குமேல் வரும் பிளாஸ்டிக் பலகை இன்னும் 2 செ.மீ சேர்க்கும். எது எந்த உயரம் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நாங்கள் 48 என்று முடிவுசெய்தோம். தரையில் கால் இல்லாமல் சுவரில் தொங்கும் வகைக் கமோடை எடுத்தோம். நாற்காலியின் கால்பலகை அதன் அடியில் நுழையும், அதனால் இன்னும் நெருங்கி வரலாம், தரையைக் கழுவுவதும் சுலபம். இந்த வகைக் கமோடு சுவரின் மேல் நிற்பதில்லை. சுவருக்குள் ஓர் இரும்புச் சட்டம் தரையில் கால் ஊன்றி நிற்கும், ஃப்ளஷ் டேங்க்கும் அந்தச் சட்டத்திலேயே இருக்கும், கமோடு அதில் இரண்டு போல்ட்டில் தொங்கும். சட்டத்தின் கால்களை ஏற்றி இறக்கலாம். ஆனால் ஒருமுறை உயரம் வைத்து, போல்ட் போட்டு, முன்னால் சுவர் எழுப்பி டைல்ஸ் ஒட்டியாகிவிட்டால் அந்த உயரம் அவ்வளவுதான்.

வேலை எடுத்துக்கொண்டவரிடம் 48 என்று எழுதியே கொடுத்திருந்தேன். பிளம்பர் வந்தார், அளந்தார், சட்டத்தை நிறுத்தினார். அப்போது டேப் வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வந்தது. அவர் அளந்தது பழைய தரையிலிருந்து. அதற்குப்பின் தரை வேலைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். வாசலில் இருந்த படியை எடுத்துவிட்டு நாற்காலி நேராக உள்ளே உருளும்படி செய்ய, குளியலறைத் தரையையே வெளித்தரை மட்டத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. வாட்டத்துக்கான கலவை, நீர் கசியாமல் இருக்கப் பூச்சு, ஒட்டும் பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து தரை 6 செ.மீ ஏறியது. எல்லாம் முடிந்து கமோடை மாட்டியதும் அளந்தேன். 42. வாஷ்பேசின் விளிம்பு 80-இல் இருக்க வேண்டியது 74-இல் இருந்தது. பைப் வேலைக்காரர் தரை வேலையைப் பற்றி யோசிக்கவில்லை, தரை வேலைக்காரர் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒப்பந்தக்காரர் இடையில் எட்டிப் பார்க்கவே இல்லை. "6 சென்டிதானே அக்கா, பழகிடும்" என்றார் போனில். அன்று எனக்கு வந்த கோபத்துக்கும் அழுகைக்கும் அளவில்லை.

இதைத் தடுக்கும் வழி மிகச் சாதாரணமானது. வேலை தொடங்கும் முதல் நாளே, டைல்ஸ் ஒட்டி முடிந்தபின் தரை எந்த மட்டத்தில் இருக்கும் என்று முடிவுசெய்யச் சொல்லுங்கள். வெளித்தரை மட்டமே அதற்கு அடையாளம். அந்த மட்டத்திலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில், டியூப் லெவலோ லேசர் மட்டமோ வைத்து, குளியலறையின் நாலு சுவரிலும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அதற்குப்பின் எவரும் தரையிலிருந்து அளக்கக் கூடாது, அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கித்தான் அளக்க வேண்டும். உட்காரும் பலகை 48 என்றால் கோட்டிலிருந்து 52 கீழே. சுவருக்குள் நிற்கும் சட்டங்கள் பலவற்றில் இதற்கென்றே 1 மீட்டர் அடையாளம் பொறித்து வருகிறது. இரண்டாவது முறை வந்த பிளம்பர் கையில் பென்சிலோடு முதலில் செய்தது இந்தக் கோடு போடுவதைத்தான். அதைப் பார்த்ததும் பாதி நிம்மதி வந்தது.

42-இல் அப்பா முயன்றுபார்த்தார். போவது முடிந்தது. திரும்பி வர 7 செ.மீ ஏற வேண்டும், இடது கை ஒன்றுதான். ஒருமுறை பாதியில் சறுக்கி நாற்காலிக்கும் கமோடுக்கும் நடுவில் தொங்கிவிட்டார். நான் வாசலில் நின்றதால் பிடிக்க முடிந்தது. அன்றோடு தனியாகப் போவது நின்றது. உடைக்காமல் சமாளிக்க முடியுமா என்று, பலகைக்கு மேல் கவ்வி நிற்கும் பிளாஸ்டிக் உயர்த்தி ஒன்றை வாங்கினேன். அது நேராக எழுந்து நேராக உட்காருபவர்களுக்குப் போதும். நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து வருபவர் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறார், அது ஒவ்வொரு முறையும் நழுவியது. போல்ட் போட்டு இறுக்கும் வகை இதைவிடப் பரவாயில்லை, ஆனால் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அதை எந்த உயர்த்தியும் தீர்க்காது.

அது கமோடின் நீளம். உயரத்தைப் பற்றி நாலு பேர் சொல்வார்கள், நீளத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சுவரில் தொங்கும் சாதாரணக் கமோடு சுவரிலிருந்து 52, 54 செ.மீதான் நீண்டிருக்கும். சக்கர நாற்காலியைக் கமோடுக்குப் பக்கத்தில் இணையாகப் பின்னோக்கிக் கொண்டுபோனால் பெரிய பின்சக்கரம் முதலில் சுவரில் முட்டும். அப்போது நாற்காலியின் இருக்கை கமோடின் இருக்கையைவிட முன்னால் நிற்கும். நகர்பவர் பக்கவாட்டில் மட்டுமல்ல, பின்னோக்கியும் போக வேண்டியிருக்கும். அதற்காகவே 70 செ.மீ நீளமுள்ள கமோடு தனியாகக் கிடைக்கிறது, இரண்டு இருக்கையும் நேருக்கு நேர் வரும். இரண்டாம் முறை அதையே வாங்கினோம். ஆனால் நீளம் கூடும்போது நுனியில் விழும் எடை சட்டத்தை அதிகமாக இழுக்கும். அந்த நீளத்துக்கு ஏற்ற சட்டம்தானா, அதன் கால்கள் வெறும் மேல்கலவையில் இல்லாமல் கான்கிரீட்டில் போல்ட் ஆகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் காலி இடம் என்பதும் வாங்கும் முன்பே தீர வேண்டியது. கமோடில் உட்கார்ந்த நிலையில் அப்பாவுக்கு இடது பக்கம் சுவர், வலது பக்கம் நாற்காலிக்கான காலி இடம். போகும்போது பலமுள்ள இடது பக்கமாக நகர்ந்து, இடது கையால் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். திரும்பும்போது பலமில்லாத பக்கம் நோக்கி நகர வேண்டும், அது சிரமமான வழி. அதற்கு அதே சுவர்க் கம்பியை அழுத்தித் தள்ளிக்கொண்டு எழுந்து, உடம்பைச் சற்றே திருப்பி உட்கார்கிறார். வலது பக்கமும் மேலே மடிக்கும் கம்பி ஒன்று இருக்கிறது, நாற்காலி வரும்போது மடித்துவிடலாம், உட்கார்ந்திருக்கும்போது சாயாமல் இருக்க இறக்கிக்கொள்ளலாம். பலமில்லாத பக்கம் இடது என்றால் இந்த ஏற்பாடு முழுவதும் தலைகீழாக வேண்டும். கமோடின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 40 முதல் 45 செ.மீ இருந்தால் கம்பி கைக்கு எட்டும், தோளும் இடிக்காது. காலியாக விடும் பக்கம் குறைந்தது 90 செ.மீ வேண்டும். நாங்கள் அந்தப் பக்கம் இருந்த துணிக்கூடையையும் சின்ன அலமாரியையும் வெளியே கொண்டுபோய்விட்டோம். ஃப்ளஷ் பொத்தானும் நல்ல கை எட்டும் பக்கம் இருக்க வேண்டும், விரல் நுனியால் அழுத்தும் சின்னப் பொத்தானைவிடக் கைமுட்டியால் அழுத்தக்கூடிய அகலமான தகடு நல்லது.

உடைத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்சுவரின் டைல்ஸை எடுத்து, சட்டத்தின் போல்ட்டைத் தளர்த்தி, சட்டத்தை 5 செ.மீ ஏற்றினார்கள். அதனோடு கழிவுக் குழாயின் வளைவை நீட்ட வேண்டியிருந்தது, தண்ணீர்க் குழாயையும் மாற்ற வேண்டியிருந்தது. ஏன் 6 ஏற்றாமல் 5 என்றால், அம்மாவும் இதே கமோடைத்தான் பயன்படுத்துகிறார். அவர் குள்ளம். 48-இல் உட்கார்ந்தால் குதிகால் தரையில் படாது. கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும், மரத்த காலோடு எழுந்தால் விழுவார். அதனால் 47-இல் நிறுத்தினோம். அப்பாவுக்கு 2 செ.மீ வித்தியாசம், அதை அவர் கம்பியைப் பிடித்துச் சமாளிக்கிறார். அம்மாவுக்கு முன்பாதங்கள் படுகின்றன, அவருக்கும் கம்பி இருக்கிறது. நடக்கக்கூடிய முதியவர் மட்டும் இருக்கும் வீடு என்றால் 48 எல்லாம் வேண்டாம். அவர் செருப்பில்லாமல் உட்கார்ந்து முழங்காலுக்குப் பின்மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து, அதைவிட 2, 3 செ.மீ கூட்டி வைத்தால் எழுவது சுலபம்.

கைப்பிடிக் கம்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கம்பி எந்த உயரத்தில் என்பதில் நாடுகளுக்கிடையே ஒற்றுமை இல்லை. பிரிட்டன் கமோடு பக்கத்துக் கிடைக்கம்பிக்கு 68 செ.மீ என்கிறது, அமெரிக்கா 84 முதல் 91 வரை என்கிறது. அதனால் சுவரில் காகித டேப் ஒட்டி, அப்பாவை உட்காரவைத்து, எங்கே கை வைத்தால் முழங்கை லேசாக மடிந்து உடம்பை மேலே தள்ள முடிகிறது என்று பார்த்தோம். 72-இல் வந்தது. உயரமான கம்பி இழுத்து எழ உதவும், தாழ்வான கம்பி அழுத்தித் தள்ள உதவும். அவருக்கு வேண்டியது இரண்டாவது. கம்பி 110 கிலோவுக்குக் குறையாத பாரத்தைத் தாங்க வேண்டும், எனவே திருகு இறங்கும் இடம் திடமான செங்கலோ கான்கிரீட்டோ ஆக இருக்க வேண்டும். உள்ளே குழிவான கல் அல்லது பலகைச் சுவர் என்றால் டைல்ஸுக்கு முன்பே உள்ளே கட்டை வைக்க வேண்டும். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் கம்பியில் உடல் எடையை ஒருபோதும் நம்பி விடாதீர்கள். சுவரை மூடும் முன், பைப்புகள் தெரியும்போதே, டேப்பைப் பக்கத்தில் விரித்துவைத்து எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்துவையுங்கள். எங்கள் இரண்டாம் பிளம்பர் கம்பிக்குத் துளை போடும் முன் அந்தப் போட்டோவைத்தான் கேட்டார். கம்பிக்கு நேர் பின்னால் ஒரு குழாய் போயிருந்தது, 4 செ.மீ நகர்த்தித் துளை போட்டார்.

இனி வாஷ்பேசின். நாற்காலியில் இருப்பவர் பேசினுக்கு முன்னால் நிற்பதில்லை, அதன் அடியில் நுழைகிறார். அதனால் மேல் உயரத்தைவிட அடியில் கிடைக்கும் இடம்தான் முக்கியம். முழங்கால் நுழைய முன்விளிம்புக்குக் கீழே ஏறக்குறைய 70 செ.மீ காலி வேண்டும், விளிம்பின் மேற்புறம் 85-ஐத் தாண்டக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பொருந்த வேண்டுமென்றால் பேசின் ஆழம் குறைந்ததாக இருந்தாக வேண்டும். கால் வைத்த பேசின், அடியில் அலமாரி வைத்த பேசின் இரண்டும் இங்கே உதவாது. எங்கள் பேசின் 74-க்கு இறங்கியதால் அடியில் 64 செ.மீதான் மிச்சம், அப்பாவின் முழங்கால் 65. ஒரு செ.மீயில் இடித்தது. பேசினை ஏற்றுவது கமோடு போலக் கஷ்டமில்லை. புதுத் துளை போட்டு 81-க்கு ஏற்றினோம், பழைய துளைகளைப் பேசினே மறைத்துவிட்டது. அடியில் 71 கிடைத்தது.

ஆனாலும் அப்பா நுழைந்ததும் "கால்ல ஏதோ இடிக்குதும்மா" என்றார். கழிவுநீர் இறங்க அடியில் தொங்கும் பாட்டில் டிராப், அதற்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஆங்கிள் வால்வு இரண்டும் சரியாகக் கால் வரும் இடத்தில் இருந்தன. தண்ணீர் இறங்கும் துளை பேசினின் நடுவில் இருந்தால் டிராப்பும் நடுவில்தான் தொங்கும். துளை பின்பக்கம் இருக்கும் பேசினை மாற்றி, வேஸ்ட் பைப்பைச் சுவரை ஒட்டி இறக்கி, வால்வுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கினார்கள். சுடுநீர்க் குழாய்க்கு மெத்தென்ற உறை போட்டோம். பக்கவாதம் வந்தவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அப்படியானால் சூடான குழாயில் கால் பட்டுக்கொண்டிருப்பது தெரியாமலே புண்ணாகிவிடும். எழும்போதும் உட்காரும்போதும் பேசினை அழுத்திப் பிடிப்பார்கள், அது வேண்டாமென்று சொன்னால் கேட்க மாட்டார்கள், ஆகவே தாங்கிகள் திடமாக வேண்டும், பக்கத்தில் ஒரு கம்பியும் வேண்டும்.

குழாய் விஷயத்தில் நான் கடையில் செய்துபார்த்த சோதனையைச் சொல்கிறேன். கைவிரல்களை மூடி முட்டியாக்கிக்கொள்ளுங்கள். அந்த முட்டியாலேயே குழாயைத் திறந்து, மூடி, சூட்டைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். திருகும் குழாய் எதுவும் இதில் தேறாது. லிவர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. குட்டையான, வழவழப்பான லிவர் ஈரக்கைக்குப் பிடிகொடுக்காது. லிவர் நீளமாக இருந்தால் கொஞ்சம் அழுத்தம் போதும். அமெரிக்கத் தரநிலை, குழாயை இயக்க 22 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது என்கிறது, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிலோ அழுத்தம். உள்ளே செராமிக் தட்டு கார்ட்ரிட்ஜ் உள்ள குழாய்கள் கால் சுற்றில் திறந்து மூடும், மூடும்போது இறுக்க வேண்டாம். ஆனால் அவை சட்டென்று மூடுவதால் அழுத்தம் அதிகமுள்ள வீட்டில் குழாய்கள் 'டங்' என்று அதிரும். அப்படி அதிர்ந்தால் ஆங்கிள் வால்வைச் சற்றுக் குறைத்துவைக்க வேண்டும். லிவர் முழுதாகத் திரும்பும்போது சுவரிலோ கண்ணாடித் தட்டிலோ முட்டாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒற்றை லிவர் மிக்சரில் எங்களுக்கு வந்த தொல்லை வேறு. வழக்கமாக லிவரை இடதுபக்கம் தள்ளினால் சுடுநீர். அப்பா இடது கையால் இயக்குகிறார். லிவரைத் தூக்கும்போது கை இயல்பாகவே இடதுபக்கம் இழுக்கிறது, ஒவ்வொரு முறையும் சுடுநீரே முதலில் வந்தது. பல மிக்சர்களில் லிவருக்கு அடியில் கார்ட்ரிட்ஜின் மேல் ஒரு பல்வளையம் இருக்கும். அதை எடுத்து ஓரிரு பல் நகர்த்திப் போட்டால் லிவர் சுடுநீர்ப் பக்கம் முழுதாகத் திரும்பாது. பிளம்பருக்கு ஐந்து நிமிட வேலை, கேட்டால்தான் செய்வார்கள். இன்னொன்று, குழாய் பேசினின் பின்சுவரில் இருந்தால் உட்கார்ந்தபடி எட்டாது. எங்கள் பேசினில் இடதுபக்க மூலையில் குழாய்த் துளை இருப்பதாகப் பார்த்து வாங்கினோம். கமோடுக்குப் பக்கத்தில் தொங்கும் ஹெல்த் ஃபாசெட்டையும் மறக்காதீர்கள். வலதுபக்கம் மாட்டியிருந்ததை இடதுபக்கச் சுவருக்கு மாற்றி, கட்டை விரலால் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும் வகைக்குப் பதில், அதன் வால்வையே ஒரு லிவர் வால்வாக்கி அதிலேயே திறந்து மூடும்படி வைத்தோம். பயன்படுத்தியபின் வால்வை மூடிவிடுவதால் ஹோஸில் எப்போதும் அழுத்தம் நிற்காது, வெடித்து வெள்ளமாகும் பயமும் இல்லை.

குளிக்கும் இடத்துக்குத் தெர்மோஸ்டாட் மிக்சர் போட்டது நான் செலவழித்ததிலேயே மனம் நிறைந்த செலவு. ஹீட்டரில் தண்ணீரை 60 டிகிரியில் வைப்பது நல்லது, அதற்குக் கீழே வெகுநாள் வைத்தால் தொட்டிக்குள் கிருமி வளரும். அந்த 60 டிகிரி தோலைச் சில நொடிகளில் சுட்டுவிடும். தெர்மோஸ்டாட் மிக்சர் சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து நாம் வைத்த அளவில், எங்களுக்கு 40 டிகிரியில், நிறுத்துகிறது. மாட்டியதும் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஷவர் ஓடிக்கொண்டிருக்கும்போது குளிர்நீர் வால்வை மூடிப் பாருங்கள், சுடுநீரும் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் சூடாக வந்தால் அதைப் போட்டவரையே கூப்பிடுங்கள், அப்படியே பயன்படுத்தாதீர்கள். மிக்சரை 1 மீட்டர் உயரத்தில், குளிக்கும் இருக்கையில் உட்கார்ந்தபடி இடது கை எட்டும் இடத்தில் வைத்தோம். 1.5 மீட்டர் ஹோஸ் உள்ள கைஷவர், ஏற்றி இறக்கும் கம்பியில். சுவரோடு மடியும் இருக்கை கமோடின் அதே 47-இல்.

தரைக்கு 50-க்கு 1 வாட்டம், அதாவது 1 மீட்டருக்கு 2 செ.மீ. அதைவிடச் சரிந்தால் பிரேக் போட்ட நாற்காலிகூட ஒரு பக்கம் சாய்கிறது. அதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்குகிறது. நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் காலியாக வேண்டும் என்பார்கள். எங்கள் அறையில் முழு வட்டம் கிடைக்கவில்லை. பேசினின் அடியில் கால்பலகை நுழைவதால் அந்த இடமும் திரும்ப உதவியது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்ளே அவர் விழுந்துகிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும்.

வேலை முடித்துக் கணக்குக் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். யாருக்காகச் செய்தீர்களோ அவரை அவருடைய நாற்காலியிலேயே உள்ளே அனுப்பி, உடையோடு எல்லாவற்றையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்: நுழைவது, திரும்புவது, கமோடுக்குப் போய் வருவது, ஃப்ளஷ் அழுத்துவது, கை கழுவுவது, ஷவரைத் திறப்பது. பிளம்பரும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம், மடிப்புக் கம்பி ஃப்ளஷ் தகட்டை மறைப்பது அப்போதுதான் தெரிந்தது, அன்றே மாற்றிக்கொடுத்தார். அதற்குப்பின் வருடத்துக்கொருமுறை கம்பிகளின் திருகுகளை இறுக்கிப் பார்க்கிறேன், லிவர் கடினமாகத் தோன்றினால் கார்ட்ரிட்ஜைக் கழற்றி உப்புப் படிவைக் கழுவச் சொல்கிறேன். உப்புத் தண்ணீரில் லிவர் மெல்ல மெல்ல இறுகும். தினமும் தொடும் நமக்கு அது தெரியாது, ஒரு கையில் பலம் குறைந்தவருக்குத்தான் முதலில் தெரியும், அவரிடம் கேளுங்கள்.